கோகோ விற்ற கானாவும் கப்பல் கட்டிய கொரியாவும்

1960 வாக்கில் கானா, தென் கொரியா இரண்டு நாடுகளின் தலா வருமானத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கானா கோகோவை நம்பியது. கோகோ மரம் காய்க்க நாலைந்து வருடமாகும். விலை ஏறியபோது ஆளாளுக்கு நட்டதெல்லாம் ஒன்றாகச் சந்தைக்கு வரும். 1964-65இல் கானாவில் அமோக விளைச்சல், உலக விலையோ படுத்துவிட்டது. ஒரு டிராக்டருக்கு 10 டன் கோகோ என்று வைத்துக்கொள்ளுங்கள்; கோகோ விலை பாதியானால் அதே டிராக்டருக்கு 20 டன் கொடுக்க வேண்டும். வாணிப வீதம் சரிவது என்பது இதுதான். கோகோவின் தேவையும் வேகமாக ஏறாது: சம்பளம் இரண்டு மடங்கானால் யாரும் இரண்டு மடங்கு சாக்லேட் தின்பதில்லை; கார் வாங்குவார்கள்.

கொரியாவும் முதலில் டங்ஸ்டன் தாதுவும் மீனும் விற்ற நாடுதான். அப்புறம் துணி, விக், 1970களில் கப்பல். சரி, துணி விலையும் போட்டியில் இறங்கும். ஆனால் கப்பல் தளத்தில் வெல்டிங் பழகியவர் நாளை வேறு இயந்திரமும் செய்வார். கோகோ காயவைத்தவருக்கு அந்த அடுத்த படி கிடைக்கவில்லை.

எப்போதும் விலை விழும் என்றும் இல்லை. 2024இல் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்து கானாவில் விளைச்சல் குறைந்திருந்தது.