மினிட் புத்தகத்திலிருந்து வேலைப் பட்டியல்: மூன்று வருட அனுபவம்

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஓர் உற்பத்தியாளர் கம்பெனியில் அலுவலக வேலை பார்க்கிறேன். அலுவலகம் கோத்தகிரியில். இயக்குநர்கள் மாதம் ஒரு முறை கூடுவார்கள். மூன்று மணி நேரப் பேச்சு, மினிட் புத்தகத்தில் எட்டு ஒன்பது பக்கம் வரும். அந்தப் பக்கங்களைப் படித்து, என்ன முடிவானது, அதற்கு என்ன வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று பிரித்து கூகுள் ஷீட்டில் ஏற்றுவதை 2022 ஜூலையில் தொடங்கினேன். இன்றுவரை ஒரு கூட்டமும் விட்டதில்லை.

தொடங்க வைத்தது பந்தலூர் பக்கம் இருக்கும் எங்கள் இலைக் கொட்டகை. அந்த வருடம் ஏப்ரல் கூட்டத்தில் நானே எழுதிய பத்தி இது:

“கொட்டகையின் கூரைத் தகடுகள் ஒழுகுவது குறித்து விவாதிக்கப்பட்டது. மழைக்கு முன் பழுது பார்க்க ஆவன செய்யப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது. மூன்று இடங்களில் விலைப்புள்ளி பெறலாம் என உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர். செலவு 40,000 ரூபாய்க்கு மிகாமல் பார்த்துக்கொள்ள வலியுறுத்தப்பட்டது.”

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜூனில் மழை பிடித்தது, கூரை அப்படியே இருந்தது. பறித்து வைத்த பச்சை இலை மூட்டை மூட்டையாக நனைந்தது. ஃபேக்டரியில் ஈரத்துக்கென்று எடையில் கழித்தார்கள். நஷ்டம் விவசாயிகளுக்கு. அடுத்த கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கேட்டபோது, நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன் என்பதைத் தவிர யாரிடமும் பதில் இல்லை. அன்று இரவு அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாலு வாக்கியம் இருக்கிறது, ஆனால் ஒரு முடிவுகூட இல்லை. பழுது பார்ப்பது என்று தீர்மானித்ததாக எங்குமே எழுதவில்லை.

அதிலிருந்து நான் கற்றது, முதல் வாசிப்பில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட வேண்டும் என்பது. ‘தீர்மானிக்கப்பட்டது’, ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்றால் முடிவு. ‘விவாதிக்கப்பட்டது’, ‘கருத்துத் தெரிவித்தனர்’ என்றால் வெறும் பேச்சு, ஷீட்டுக்கு வராது. ‘வலியுறுத்தப்பட்டது’, ‘கேட்டுக்கொள்ளப்பட்டது’ என்பவைதான் ஏமாற்றும். ஒருவர் கேட்டார் என்று தெரியும், மற்றவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. ‘ஆவன செய்யப்படும்’ இன்னும் மோசம், செய்கிற ஆளே அந்த வாக்கியத்தில் கிடையாது. நம் அலுவலகத் தமிழில் செயப்பாட்டு வினை மரியாதையாகக் கேட்கும், ஆனால் ஆளை மறைத்துவிடும். இப்படி மூன்றாவது, நாலாவது வகை வினை வந்தால் நானாக ஊகித்து யார் பெயரையும் போடுவதில்லை. மறுநாள் காலை தலைவருக்குப் போன் செய்து கேட்டுவிடுகிறேன்.

தேதியில் நடந்தது வேறு கதை. “எங்க ஊருக்கு மழைன்னா ஜூன்தானேம்மா, வேற எப்போ?” என்று கேட்டார் பந்தலூர் பக்கத்து இயக்குநர் அக்கா. கோத்தகிரிக்காரர்கள் அக்டோபரை மனதில் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். மேற்கே கூடலூர், பந்தலூரில் தென்மேற்குப் பருவமழைதான் கொட்டும். கிழக்கே கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெரிதும் நம்புவது வடகிழக்குப் பருவமழையை. ஒரே மாவட்டத்தில் ‘மழைக்கு முன்’ என்பதற்கு நாலு மாத வித்தியாசம். ‘சீசன் முடிந்ததும்’, ‘விரைவில்’, ‘அடுத்த கூட்டத்துக்குள்’ எல்லாம் இந்த வகைதான். இப்போது எந்தச் சொல் வந்தாலும் காலண்டர் தேதியாக மாற்றாமல் கட்டத்தில் ஏற்றுவதில்லை.

அடுத்த வருடம் அதே கொட்டகைக்கு வடிகால் வெட்ட வேண்டியிருந்தது. இந்த முறை ஜூன் 1-ல் இருந்து பின்னால் எண்ணி வந்தோம். முடிவு: 25,000 ரூபாய்க்குள் வடிகால் வெட்டுவது. அதன் கீழே மூன்று வேலைகள். மூன்று விலைப்புள்ளி வாங்குவது பந்தலூர் அக்கா, மே 8. ஒன்றைத் தேர்ந்து முன்பணம் கொடுப்பது பொருளாளர், மே 13. வேலையை முடித்து வாங்குவது மறுபடி அக்கா, மே 27. ஒரு வரிக்கு ஒரு ஆள்தான். ‘கொட்டகைக் குழு’ என்று போட்டால் யாரும் செய்வதில்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டோம். குழுவாகச் செய்யட்டும், ஆனால் கேட்டால் பதில் சொல்ல ஒரு பெயர் வேண்டும். கூட்டத்துக்கு வராதவர் பெயரை அவரிடம் கேட்காமல் போடுவதும் இல்லை. வேலை மே 29-ல் முடிந்தது. இரண்டு நாள் தாமதம், அது ஷீட்டில் அப்படியே இருக்கிறது.

ஷீட்டில் ஏழு நெடுவரிசை: எண், முடிவு, வேலை, பொறுப்பு, கெடு, முடிந்த நாள், மினிட் புத்தகப் பக்கம். எட்டாவதில் இந்த ஃபார்முலா:

```
=IF(AND(C2<>"",F2="",E2<TODAY()),"தாமதம்","")
```

கெடு காலியாக இருந்தால் அதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு இது ‘தாமதம்’ என்றே காட்டும். திருத்தவில்லை, தேதி போடாத வரி கண்ணை உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஆடிட்டருக்குக் கணக்கு அனுப்ப 9/7 என்று போட்டிருந்தேன், ஜூலை 9. ஷீட் அமெரிக்க முறையில் இருந்ததால் செப்டம்பர் 7 என்று எடுத்துக்கொண்டது. ஜூலை முடிந்தும் ‘தாமதம்’ வரவில்லை, ஆடிட்டரே போன் செய்தபோதுதான் தெரிந்தது. `File > Settings > Locale` போய் India என்று மாற்றினேன். மாற்றியபின் பழைய தேதிகள் தானாகச் சரியாகாது, ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். இப்போது தேதியை `dd-mmm-yyyy` வடிவில் வைத்திருக்கிறேன். மாதம் எழுத்தில் தெரிவதால் தப்பு உடனே கண்ணில் படும்.

ஒன்பது பக்கத்தைப் பிரிக்க முதலில் இரண்டு மணி நேரம் ஆனது, இப்போது முக்கால் மணி நேரம். குறைந்ததற்குக் காரணம் என் வேகம் இல்லை, கூட்டம் மாறியதுதான். கடைசிப் பத்து நிமிடம் நான் எழுதியதை வாசிப்பேன்: வேலை, பெயர், தேதி. சம்பந்தப்பட்டவர் ‘சரி’ என்று வாயால் சொன்னால்தான் அடுத்த வரி. பெயர் இல்லாமல் ஒரு வரி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இது செய்யாததையும் சொல்ல வேண்டும். ஷீட் மினிட் புத்தகத்துக்கு மாற்று கிடையாது. கம்பெனிச் சட்டம் 2013-ன்படி கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு பதிவேட்டில் ஏற வேண்டும். தகராறு வந்தால் பேசுவது அந்தப் புத்தகம்தான், அதனால்தான் பக்க எண் நெடுவரிசை. ‘கடன் கிடைத்தால் வண்டி வாங்கலாம்’ போன்ற முடிவுகளும் இதில் சரியாக உட்காருவதில்லை. வண்டியை ஏற்றாமல், ‘கடன் நிலவரம் கேட்டுச் சொல்வது’ என்பதை மட்டும் ஒரு பெயரோடும் தேதியோடும் ஏற்றுகிறேன்.

ஒரு கட்டத்தில் திறந்திருந்த வரிகள் நாற்பதைத் தாண்டின, யாரும் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் தலைவர் ஒரு வழி சொன்னார்: மூன்று கூட்டம் தள்ளிப்போன வேலையை நாலாவது கூட்டத்தில் விவாதப் பொருளாக வைத்து, செய்வதா கைவிடுவதா என்று தீர்மானம் போடுவது. முதல் தடவையே பதினொரு வரிகளைக் கைவிட்டோம். அதில் ஐந்து என் தப்பால் வந்தவை, ‘வலியுறுத்தப்பட்டது’ என்பதை முடிவென்று எடுத்துக்கொண்டு ஆரம்பத்தில் ஏற்றியவை.