12 மி.மீ. ஈ250-ஆ, 10 மி.மீ. ஈ350-ஆ? மில் சான்றிதழைப் படித்து முடிவெடுப்பது

டிராயிங்கில் 12 மி.மீ. பிளேட், ஐஎஸ் 2062 ஈ250 பிஆர் என்று போட்டிருக்கிறது. ஸ்டாக்கிஸ்ட் போனில் சொல்கிறார்: "அண்ணே, 10 மி.மீ. ஈ350 இருக்கு. அது ஸ்ட்ராங்கான சரக்கு, எடையும் குறையும், எடுத்துக்கோங்க." இரண்டுக்கும் எம்டிசி, அதாவது மில் தரும் சோதனைச் சான்றிதழ், வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வேலை ஒரு லோடிங் மேடை. அதன் தரைக்குத்தான் இந்தப் பிளேட். சின்னப் பட்டறைக்காரர் ஒருவர் இந்த இரண்டு தாள்களையும் எப்படிப் படிக்க வேண்டும் என்று பார்ப்போம். கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை. ஆனால் இந்த கிரேடுகளில் வழக்கமாகப் பார்க்கக்கூடியவைதான்.

| | ஈ250 பிஆர், 12 மி.மீ. | ஈ350 பிஆர், 10 மி.மீ. |
|---|---|---|
| யீல்டு (மெகாபாஸ்கல்) | 296 | 392 |
| டென்சைல் (மெகாபாஸ்கல்) | 438 | 531 |
| எலாங்கேஷன் | 29% | 25% |
| கார்பன் | 0.17% | 0.18% |
| மாங்கனீஸ் | 0.78% | 1.42% |

கிரேடு பெயரில் இருக்கும் 250, 350 என்பவை யீல்டு. அதாவது அந்த அளவு இழுவை வரை பிளேட் நீண்டாலும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். அதைத் தாண்டினால் நிரந்தரமாக வளைந்துவிடும். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன். 12 மி.மீ. பிளேட்டில் 25 மி.மீ. அகலப் பட்டை வெட்டினால் குறுக்குவெட்டு 300 சதுர மி.மீ. 250-ஆல் பெருக்கினால் 75,000 நியூட்டன், ஏறக்குறைய 7,650 கிலோ இழுவை. டென்சைல் என்பது அறுவதற்கு முன் அது தாங்கும் உச்சம். டிசைன் பண்ணுகிறவர் முதலில் பார்ப்பது யீல்டைத்தான். மேடை அறுந்து விழும் முன்பே தொய்ந்து வீணாகிவிடும் என்பதே காரணம்.

எலாங்கேஷன் என்பது அறுவதற்குள் அது நீளும் அளவு. ஈ250-க்கு டென்சைல் குறைந்தது 410, எலாங்கேஷன் 23%. ஈ350-க்கு 490, 22%. நம் தாள்கள் இரண்டும் தேறுகின்றன. இங்கே தடிமனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20 மி.மீ.க்குக் குறைந்த பிளேட்டுக்குத்தான் யீல்டு 250 கேட்கிறார்கள். 20 முதல் 40 வரை 240 போதும். 25 மி.மீ. பிளேட்டின் தாளில் 244 என்று இருந்தால் ரிஜெக்ட் செய்யக் கூடாது.

இன்னொரு தவறான கணக்கும் நடக்கிறது. ஈ250 தாளில் யீல்டு 355 என்று வந்துவிட்டால், "ஈ350 சரக்கே கிடைச்சிருக்கு" என்று சொல்லி மேல் கிரேடு வேலைக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்த 355 என்பது சோதனைக்கு எடுத்த ஒரு துண்டின் அளவு. மற்ற பிளேட்டுகளுக்கு மில் உறுதி தருவது 250 மட்டுமே. டிசைனுக்கும் அந்தக் குறைந்தபட்ச எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

சரி, மேடைக்கு வருவோம். வளைவு தாங்கும் பலம் தடிமனின் வர்க்கத்தோடு போகும். 12 × 12 × 250 = 36,000. 10 × 10 × 350 = 35,000. கிட்டத்தட்ட சமம். எடையோ சதுர மீட்டருக்கு 94.2 கிலோவிலிருந்து 78.5 கிலோவாக இறங்குகிறது. இதுவரை ஸ்டாக்கிஸ்ட் சொன்னது சரிதான்.

ஆனால் மேடை எவ்வளவு தொய்யும் என்பதில் யீல்டுக்குப் பங்கே இல்லை. மீட்சி எல்லைக்குள் ஸ்டீல் வளைந்து கொடுப்பதை நிர்ணயிப்பது மீட்சிக்கெழு. அது ஈ250-க்கும் ஈ350-க்கும் ஒன்றே, ஏறக்குறைய 2 லட்சம் மெகாபாஸ்கல். தொய்வோ தடிமனின் மூன்றாம் படிக்கு எதிர் விகிதத்தில் மாறும். 12-ஐ 10-ஆல் வகுத்தால் 1.2. 1.2 × 1.2 × 1.2 = 1.73. அதாவது அதே சுமைக்கு, அதே சப்போர்ட் இடைவெளியில், 10 மி.மீ. ஈ350 தரை 73% அதிகம் தொய்யும். பிளேட் கெட்டுப்போகாது, ஆனால் டிராலி தள்ளும்போது தரை அமுங்கி எழும், வாடிக்கையாளர் அதைத்தான் குறை சொல்வார். சான்றிதழில் எந்தக் கட்டத்திலும் இந்த எண் இருக்காது என்பதால்தான் பலர் இதில் ஏமாறுகிறார்கள். சப்போர்ட்டுகளை நெருக்கி வைத்துச் சரிக்கட்டலாம், ஆனால் மிச்சமான எடை அந்த ஆங்கிள்களில் திரும்பப் போய்விடும்.

அடுத்தது வெல்டிங். இரண்டு தாளிலும் கார்பன் ஒன்றுபோல இருப்பதைப் பார்த்து ஒரே மாதிரி வெல்ட் பண்ணிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பார்க்க வேண்டியது கார்பன் ஈக்விவேலன்ட், அதாவது மற்ற தனிமங்களையும் கார்பன் கணக்கில் சேர்த்த எண்:

```
CE = C + Mn/6 + (Cr+Mo+V)/5 + (Ni+Cu)/15
```

ஈ250: 0.17 + 0.78/6 = 0.30. மற்ற தனிமங்கள் கொஞ்சம் சேர்ந்து 0.31 வருகிறது என்று வையுங்கள். பிஆர் தரத்துக்கு வரம்பு 0.41. ஈ350: 0.18 + 1.42/6 = 0.417, குரோமியம், வனேடியம் எல்லாம் சேர்ந்து 0.43, வரம்பு 0.47. இரண்டும் பாஸ், ஆனால் ஈ350 வரம்புக்கு அருகே நிற்கிறது. அதற்கு ஈரமில்லாமல் ஓவனில் காயவைத்த 7018 வெல்டிங் ராடு வேண்டும். 6013 ராடின் டென்சைல் 60,000 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 414 மெகாபாஸ்கல். ஈ250-இன் 410-க்குப் பொருந்துகிறது, ஈ350-இன் 490-க்குப் பத்தாது. 6013-ஐ மட்டும் வைத்து ஓட்டும் பட்டறையில் ஈ350-க்குக் கொடுத்த கூடுதல் பலம் ஜாயின்ட்டிலேயே போய்விடும்.

இந்த CE கணக்கு தாள் உண்மையா என்று சோதிக்கவும் உதவும். தாளில் அச்சிட்ட CE-யை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு எண்ணைத் திருத்திய நகலில் CE பெரும்பாலும் பழையபடியே இருக்கும், கூட்டினால் ஒத்துவராது. அப்புறம் ஹீட் நம்பர், அதாவது ஒரே உருக்கில் வந்த ஸ்டீலுக்கு மில் போடும் எண். தாளில் இருக்கும் ஹீட் நம்பர் பிளேட்டில் பஞ்ச் அல்லது பெயின்டில் இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாள் வேறு ஏதோ பிளேட்டுக்கானது. பிஆர் தாளில் இம்பாக்ட் மதிப்பு, அதாவது திடீர் அடியைத் தாங்கும் அளவு, இல்லை என்பதற்காக மட்டும் சந்தேகப்படாதீர்கள். அந்தத் தரத்துக்கு அது கேட்டால்தான் செய்கிற சோதனை. வேண்டுமென்றால் ஆர்டரிலேயே எழுத வேண்டும். பிஆர்-க்குப் பதில் பி0, சி தரம் என்றால் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

என் முடிவு: இந்த மேடைக்கு 12 மி.மீ. ஈ250 பிஆர்தான். வேலை தொங்கும் டை பிளேட்டாகவோ நேர் இழுவை வாங்கும் லக்காகவோ இருந்தால் பதில் மாறும். அங்கே கணக்கு தடிமன் × யீல்டு: 12 × 250 = 3,000, 10 × 350 = 3,500. ஈ350 தெளிவாக ஜெயிக்கிறது, 7018-ம் ஓவனும் உங்களிடம் இருந்தால். அப்போதும் டிராயிங் போட்டவரிடம் கிரேடு மாற்றத்துக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டு பிளேட்டை இறக்குங்கள். வெட்டுவதற்கு முன் ஹீட் நம்பரை மிஞ்சும் துண்டிலும் பஞ்ச் பண்ணிவிடுங்கள். ராக்கில் ஈ250 துண்டும் ஈ350 துண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் கிடக்கும்.