ஒரே பேடை அழுத்தினால் இரண்டு பேரும் குதிக்கிறார்கள்: ஸ்டீமா, DS4Windows-ஆ?

பள்ளி விடுமுறைக்குத் தங்கச்சி ஹட்டனுக்கு வந்திருந்தாள். வெளியே மழை விடுவதாக இல்லை, கப்ஹெட் விளையாடலாம் என்று உட்கார்ந்தோம். என்னிடம் எக்ஸ்பாக்ஸ் வகை வயர் பேட் ஒன்று, புளூடூத்தில் இயங்கும் பிஎஸ்4 பேட் ஒன்று. அவள் பிஎஸ்4 பேடில் குதித்தால் சிவப்புக் கப்ஹெட்டும் குதிக்கிறான், நீல மக்மேனும் குதிக்கிறான். என் பேடுக்கு ஆளே இல்லை!

விண்டோஸில் `joy.cpl` என்று அடித்துப் பார்த்தேன். கையில் இருப்பது இரண்டு பேட், பட்டியலில் மூன்று. பிஎஸ்4 பேட் தன் சொந்தப் பெயரில் ஒருமுறை, நான் ஓடவிட்டிருந்த DS4Windows மென்பொருள் அதற்காக உருவாக்கிய போலி எக்ஸ்பாக்ஸ் பேடாக இன்னொருமுறை. விளையாட்டு இரண்டையும் தனித்தனி ஆட்களாக எடுத்துக்கொண்டது.

DS4Windows-ஐயே வைத்துக்கொள்ள நினைத்தால், அசல் பேடை விளையாட்டின் கண்ணில் படாமல் மறைக்கும் HidHide-உம் கூடவே வேண்டும். அதில் அசல் பேடை டிக் செய்து, மறைக்கும் வசதியை இயக்கி, DS4Windows-க்கு மட்டும் அதைப் பார்க்க அனுமதி கொடுக்க வேண்டும். ஸ்டீமின் பிளேஸ்டேஷன் ஆதரவையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் போலிக்கு மேல் போலி. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் ஸ்டீம் இல்லாத விளையாட்டிலும் ஓடும், அது பெரிய வசதிதான்.

ஆனால் எனக்கு முடிவு செய்து கொடுத்தது மின்வெட்டு. மழைக்காலத்தில் கரண்ட் போய்வந்தால் கணினி மறுபடி தொடங்கும், செருகியே இருக்கும் வயர் பேட் முதல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பிஎஸ்4 பேட் பட்டனை அழுத்தியபின் இரண்டாவதாக வரும். இடத்தைத் தீர்மானிப்பது பேட் வந்து சேரும் வரிசைதான். தங்கச்சிக்கோ முதல் இடத்துக்குக் கிடைக்கும் சிவப்பு ஆள்தான் வேண்டும். DS4Windows வழியில் அதற்கு வயரைக் கழற்றி, பிஎஸ்4 பேடை முதலில் இணைத்து, பிறகு வயரைச் செருகவேண்டும். ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் இதே கூத்து.

ஸ்டீமில் அப்படியில்லை. DS4Windows-ஐ மூடிவிட்டு, Settings-இல் Controller பக்கம் போய் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டுக்கும் Steam Input-ஐ இயக்கினேன். விளையாட்டுக்கு இப்போது தெரிவது ஸ்டீம் தரும் இரண்டு பேட் மட்டுமே. வரிசை தப்பினால் Shift+Tab அடித்து, கன்ட்ரோலர் பகுதியில் Reorder Controllers-ஐத் திறந்து, அவள் பேடை மேலே ஏற்றினால் போதும், வயரைத் தொடவே வேண்டாம். சில விளையாட்டு உடனே மாறாது, ஒருமுறை மூடித் திறக்கவேண்டும். வேறு இடத்தில் வாங்கிய விளையாட்டை ஸ்டீம் நூலகத்தில் சேர்த்து அங்கிருந்தே தொடங்கவேண்டும், நேராகத் தொடங்கினால் இதில் எதுவும் வேலை செய்யாது.

நாலு பேடோடு விளையாடும் அளவுக்கு எங்கள் வீட்டில் ஆள் இல்லை, அதனால் இரண்டு பேடுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். இரண்டுமே ஒரே மாதிரி வயர் பேட் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு மென்பொருளும் வேண்டாம், யார் முதலில் செருகுவது என்று பேசி வைத்துக்கொண்டால் சரி. தங்கச்சி ஊருக்குப் போய்விட்டாள், சிவப்பு ஆள் இன்னும் அவள் பேடில்தான் இருக்கிறான்.