8,000 ரிங்கிட் கடன் அட்டை நிலுவை: மாதம் எவ்வளவு கட்டினால் எத்தனை மாதத்தில் தீரும்?

ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டின் கூரையையும் பழைய மின்கம்பிகளையும் மாற்றிய செலவு முழுவதும் கடன் அட்டையில் ஏறி, அறிக்கையில் 8,000 ரிங்கிட்டாக வந்து நின்றது. ஏறக்குறைய அதே அளவு நிலுவை செந்தூலில் இருக்கும் என் மனைவியின் தம்பிக்கும் இருந்தது. எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. அறிக்கை கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவரலாம். மாதந்தோறும் மாறாத ஒரு தொகையைக் கட்டலாம். அல்லது நிலுவையை வேறொரு வங்கியின் மாற்றுத் திட்டத்துக்குக் கொண்டுபோகலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். நான் இரண்டாவதைத் தேர்ந்து, மாதம் 500 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டேன். ஆகவே இந்த அலசல் என் பக்கமே சற்றுச் சாய்ந்திருக்கும்.

குறைந்தபட்சத் தொகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் அது பெரும்பாலும் நிலுவையில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இரண்டில் எது கூடுதலோ அது. நிலுவை குறையக் குறைய கட்ட வேண்டியதும் குறைவதால், கடன் தன் வேகத்தைத் தானே இழந்துவிடுகிறது. ஆண்டுக்கு 18 விழுக்காடு, அதாவது மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடு வட்டி என்று வைத்து, அட்டையில் புதிதாக எதுவும் வாங்காமல் கணக்கிட்டால், 8,000 ரிங்கிட் தீர 81 மாதங்கள் ஆகின்றன. வட்டி மட்டும் ஏறக்குறைய 2,970 ரிங்கிட்.

முதல் மாதக் குறைந்தபட்சம் 400 ரிங்கிட். இரண்டாம் மாதம் அறிக்கை 385 ரிங்கிட் 70 சென் மட்டுமே கேட்கும். அதற்கு இறங்காமல் அதே 400 ரிங்கிட்டையே கடைசி வரை கட்டிவந்தால் 24 மாதத்தில் கடன் தீர்ந்துவிடுகிறது. வட்டி ஏறத்தாழ 1,415 ரிங்கிட். முதல் மாதம் இந்த இரு வழியிலும் கட்டுவது ஒரே தொகைதான். ஆனால் ஒருவர் இரண்டு ஆண்டில் முடிக்கிறார், மற்றவர் ஆறே முக்கால் ஆண்டு கட்டுகிறார். 500 ரிங்கிட் என்றால் 19 மாதம், வட்டி சுமார் 1,060. 600 என்றால் 15 மாதம், வட்டி சுமார் 845. தொகையை நூறு நூறாக ஏற்றும்போது முதல் நூறு ஐந்து மாதத்தைக் குறைக்கிறது, அடுத்த நூறு நான்கு மாதத்தை மட்டுமே குறைக்கிறது. 500 இல் நான் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

தங்கள் நிலுவைக்கு இதைப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் எக்செல் தாளில் கீழ்க்கண்ட சூத்திரத்தைத் தட்டினால் போதும். அறிக்கை வந்ததும் முதல் தவணை கட்டப்படுகிறது, மீதிக்குத்தான் வட்டி ஏறுகிறது என்ற அடிப்படையில் எழுதியிருக்கிறேன்.

```
=ROUNDUP(NPER(0.015,-500,8000-500)+1,0)
```

வங்கி வட்டியை நாள் கணக்கில் போடுவதால் உண்மையான அறிக்கையில் சில ரிங்கிட் முன்பின் இருக்கும். வழி தவறவில்லை என்று தெரிந்துகொள்ள, ஆறாவது தவணை கட்டிய உடன் மீதி ஏறக்குறைய 5,500 இருக்கிறதா என்று பார்க்கலாம். அதைவிட நூறு இருநூறு கூடுதலாக இருந்தால், தாமதக் கட்டணமோ, புதிய செலவோ, ஆண்டுக்கொரு முறை வரும் 25 ரிங்கிட் சேவை வரியோ உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள்.

இனி, கணிப்பான்கள் சொல்லாமல் விட்டுவிடும் செய்திக்கு வருகிறேன். இந்த முடிவை எடுப்பதில் மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். மாதம் 300 ரிங்கிட்தான் முடியும் என்று ஒருவர் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் 500 வரும் இரண்டு இடத்திலும் 300 என்று போட்டால் 34 மாதம் என்று விடை வரும். ஆனால் முதல் அறிக்கை கேட்பது 400. நீங்கள் 300 கட்டினால், ஒழுங்காக மாதந்தோறும் கட்டினாலும், வங்கியின் கணக்கில் அது குறைந்தபட்சத்தைக் கட்டத் தவறியதாகும். அதற்குத் தாமதக் கட்டணம் உண்டு: மொத்த நிலுவையில் 1 விழுக்காடு, 10 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 100 ரிங்கிட்டுக்கு மேற்படாமலும். 8,000 நிலுவைக்கு அது 80 ரிங்கிட். கட்டிய 300 இல் 80 ரிங்கிட் கட்டணத்துக்கும், ஏறக்குறைய 115 ரிங்கிட் வட்டிக்கும் போய்விட, கடனிலிருந்து கழிவது 105 ரிங்கிட்டுக்கும் குறைவு. நிலுவை 6,000 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் 300 என்பது 5 விழுக்காட்டை எட்டுகிறது; அந்த இடத்துக்கு வந்து சேரவே 16 மாதம் பிடிக்கிறது. அதுவரை கட்டிய தாமதக் கட்டணம் மட்டும் ஆயிரத்து நூறு ரிங்கிட்டைத் தாண்டுகிறது. அதன் பிறகு இன்னும் 24 மாதம். ஆக, 34 மாதம் என்று தாளில் தெரிந்த கணக்கு உண்மையில் 40 மாதம் ஆகிறது. போதாதற்கு பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் விவரப் பதிவில் பாக்கி என்ற குறிப்பும் ஏறக்கூடும், அது அடுத்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது எதிரே வந்து நிற்கும்.

ஆகவே நிலையான தொகை என்பது நம் விருப்பப்படி எதையும் வைத்துக்கொள்ளக்கூடியது அன்று. தொடக்க நிலுவையின் 5 விழுக்காடுதான் அதன் தரை. 400 கூட முடியாது என்கிற நிலையில் இருப்பவருக்கு நான் எழுதும் ஒப்பீடு பயன்படாது. அவர் முதலில் தம் வங்கியிடமோ, பேங்க் நெகாரா 2006 இல் அமைத்த ஏகேபிகே கடன் ஆலோசனை நிறுவனத்திடமோ பேசுவதே சரி. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

கட்டும் தேதியிலும் இதே போன்ற ஒரு குழி இருக்கிறது. என் அறிக்கை 18ஆம் தேதி வருகிறது, கடைசி நாள் அடுத்த மாதம் 8ஆம் தேதி, சம்பளம் 25ஆம் தேதி. சேமிப்புக் கணக்கிலிருந்து 28ஆம் தேதி 500 ரிங்கிட் தானாகப் போகும்படி நிலையான கட்டளை கொடுத்திருக்கிறேன். அட்டைக்கான தானியங்கிப் பற்று வசதி பெரும்பாலும் முழுத் தொகை அல்லது குறைந்தபட்சம் என்ற இரண்டு தேர்வுகளை மட்டுமே தருவதால் அது இதற்கு உதவவில்லை. கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னதாகக் கட்டுவதில் மிச்சமாகும் வட்டி இரண்டரை ரிங்கிட்தான், ஒரு தே தாரேக்குக் காணும். ஆனால் ஆர்வத்தில் 15ஆம் தேதியே கட்டிவிட்டால், அந்தப் பணம் முந்தைய அறிக்கையின் கணக்கில் சேர்ந்துவிடும். 18ஆம் தேதி வரும் புதிய அறிக்கை தனக்கான குறைந்தபட்சத்தை மீண்டும் கேட்கும். அதைக் கட்டாமல் விட்டால் மறுபடியும் தாமதக் கட்டணம். அறிக்கைத் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதே விதி.

வட்டி விகிதம் குறைந்தால் மாதம் குறையுமே என்று சிலர் கேட்பார்கள். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தபட்சத்தையாவது தவறாமல் கட்டியவர்களுக்கு 18 விழுக்காடு 15 ஆக இறங்குகிறது. நல்லதுதான். ஆனால் முதல் நாளிலிருந்தே 15 விழுக்காடு என்று வைத்தாலும், மாதம் 400 கட்டுபவருக்கு 24 மாதம் 23 ஆகிறது, அவ்வளவே. மாறாக, பெட்ரோலுக்கும் மளிகைக்கும் மாதம் 150 ரிங்கிட் மட்டும் அதே அட்டையில் தேய்த்துவந்தால் 24 மாதம் 42 ஆகிறது. முழு நிலுவையைக் கட்டாதவரை புதிய செலவுகளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது என்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடும். என் அட்டையைப் பணப்பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். கோலாலம்பூருக்கு ரயில் சீட்டு எடுப்பது உட்பட எல்லாம் இப்போது பற்று அட்டையில்தான்.

மாற்றுத் திட்டத்துக்கு வருவோம். "பன்னிரண்டே மாசத்துல முடிஞ்சிரும் மச்சான், நீங்க ஏன் பத்தொம்பது மாசம் இழுக்கிறீங்க?" என்று என் மனைவியின் தம்பி தொலைபேசியில் கேட்டார். அவருக்கு வட்டி இல்லை. தொடக்கத்தில் ஒரு முறை 5 விழுக்காடு கட்டணம், ஆக 8,400 ரிங்கிட்டை மாதம் 700 வீதம் கட்டுகிறார். அதே 700 ரிங்கிட்டை நான் என் அட்டையிலேயே கட்டினால் 13 மாதம் ஆகும், வட்டி ஏறக்குறைய 700. அவர் எனக்கு 300 ரிங்கிட் முன்னால் இருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய 700 ரிங்கிட்டும் அந்த அட்டையின் குறைந்தபட்சத் தொகைக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. எந்த மாதமும் அதைக் குறைக்க முடியாது. எனக்கோ, பன்னிரண்டு தவணை கட்டிய பின் அடுத்த அறிக்கை கேட்கப்போவது 150 ரிங்கிட்டுக்கும் குறைவு. தீபாவளி மாதத்திலோ, மகளின் பள்ளிச் செலவு வரும் மாதத்திலோ ஒரு முறை இறங்கிக் கட்டிவிட்டு, அடுத்த மாதம் 500க்குத் திரும்பலாம். முடிவு அதிகம் போனால் ஒரு மாதம் தள்ளிப்போகும், கட்டணம் எதுவும் விழாது. மாதம் 700 உறுதியாக எடுத்துவைக்க முடிகிறவருக்கு அவர் வழிதான் மலிவு. இரண்டு, மூன்று ஆண்டுத் தவணை உள்ள மாற்றுத் திட்டங்களும் இருக்கின்றன. அவற்றை நான் எடுத்துப் பார்த்ததில்லை என்பதால், கட்டணமும் வட்டியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதைக் கேட்டு, மேலே உள்ள 1,060, 1,415 என்ற தொகைகளோடு வைத்துப் பார்க்கும்படி மட்டும் சொல்வேன்.

நிலையான தொகை வழியில் கடைசி மாதம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 500 வீதம் கட்டினால் பத்தொன்பதாம் அறிக்கையில் 60 ரிங்கிட் அளவே மிஞ்சும். அதைக் கட்டி முடித்த பிறகும், அறிக்கைத் தேதியிலிருந்து கட்டிய நாள் வரைக்குமான வட்டி சில சென்னாக அடுத்த அறிக்கையில் வரக்கூடும். கடன் தீர்ந்ததென்று அந்த அறிக்கையைத் திறக்காமல் விட்டால், அந்தச் சில சென்னுக்காகவே 10 ரிங்கிட் தாமதக் கட்டணம் விழ இடமுண்டு. ஆகவே நிலையான கட்டளையை நிறுத்துவதற்கு முன் இருபதாம் அறிக்கையையும் திறந்து, நிலுவை 0.00 என்று இருப்பதைப் பார்த்துவிட வேண்டும்.