ஜன்னலுக்கு வெளியே இல்லாத வானம்: வீட்டைப் படம் எடுக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டை விற்பதற்கான படங்களையும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே போடும் வரிகளையும் சேர்த்தே செய்து தருகிறோம் என்று சொன்ன ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தேன். வந்த படங்கள் பளிச்சென்றுதான் இருந்தன. வீட்டைப் பார்க்க ஆட்களும் வந்தார்கள். ஆனால் படுக்கையறை வாசலில் நின்றதும் பலர் முகம் மாறியது. "படத்துல பெரிசா தெரிஞ்சுதே" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார்.

காரணம் லென்ஸ். பத்துக்குப் பதினொரு அடி அறையை, போனில் 0.5 என்று வருமே, அந்த மாதிரி அகலக் கோணத்தில் எடுத்திருந்தார்கள். அதில் எதிர்ச்சுவர் தூரமாகப் போய்விடும், ஓரத்தில் இருப்பது இழுபடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, படத்தின் ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருளைப் பார்ப்பது. உருண்டை விளக்கோ பந்தோ முட்டை வடிவில் இருந்தால், அறையும் இழுபட்டிருக்கிறது. யாரிடமாவது வேலையைக் கொடுக்கும் முன் அவர்களுடைய பழைய படங்களில் இதைப் பார்த்துவிடுங்கள். உள்ளறைகளுக்கு, ஃபுல் ஃப்ரேம் எனப்படும் முழுச் சட்டக் கேமராவில் லென்ஸின் குவியத் தூரம் 20 முதல் 24 மி.மீ. வரை இருந்தால் பெரும்பாலும் போதும், எண் குறையக் குறையக் கோணம் அகலும். குளியலறை போன்ற இடுக்கான இடத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் அகலம் தேவைப்படலாம்.

அடுத்தது இதைவிட மோசம். இரண்டாவது படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் இருக்கிறது. படத்தில் அங்கே நீல வானம்! வெளிச்சத்தைச் சரிசெய்வது வேறு, இல்லாத காட்சியை ஒட்டுவது வேறு. வாங்க வந்தவர் திரையை விலக்கினார், சுவரைப் பார்த்தார், மற்ற அறைகளைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார். மாற்றாத மூலப் படத்தைக் கேட்டதற்கு, அழித்துவிட்டோம் என்றார்கள்.

எடுத்த படங்களைவிட எடுக்காமல் விட்டதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். இந்த வீட்டின் நல்ல விஷயமே சமையலறைக்குப் பின்னால் ஜன்னலோடு இருக்கும் துணி துவைக்கும் இடம்தான். போனிலேயே சொல்லியிருந்தேன். ஆனால் வந்ததில் ஹால் மட்டும் நாலு மூலையிலிருந்து நாலு படம், பின்கட்டு ஒன்றுகூட இல்லை. "எங்க லிஸ்ட்ல அது கிடையாது சார்" என்றார் வந்த பையன். எல்லா வீட்டுக்கும் ஒரே பட்டியல்! வரிகளும் அப்படியே: "விசாலமான படுக்கையறை", "அழகிய சமையலறை". படத்தைப் பார்ப்பவருக்கு அது சமையலறை என்று தெரியாதா என்ன?

வேறொருவரை வைத்து மறுபடி எடுத்தபோது முதலில் வரிகளை எழுதினேன், அதிலிருந்து படப் பட்டியல் தானாக வந்தது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததைத்தான் வரி சொல்ல வேண்டும்: அளவு, திசை, எந்தக் கதவு எங்கே போகிறது. சமையலறைக்கு நான் எழுதியது இது: "மேடைக்கு இடப்புறக் கதவு துவைக்கும் இடத்துக்குப் போகிறது, வாஷிங் மெஷினுக்குக் குழாயும் பிளக்கும் அங்கேயே இருக்கின்றன." இதை எழுதியதும் எங்கே நிற்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்று, பின்கதவைத் திறந்து வைத்து, மேடையும் கதவும் ஒரே சட்டத்தில் வர எடுக்க வேண்டும். மேடையின் மேற்பரப்பு தெரிய வேண்டும் என்பதால் கேமராவை அதைவிடச் சற்று மேலே, நெஞ்சு உயரத்தில் வைக்க வேண்டும். அடுத்த படம் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே. பார்ப்பவர் மனதில் இரண்டு இடமும் ஒட்டிக்கொள்ளும்.

படுக்கையறைக்கு "10 x 11 அடி, கிழக்கு ஜன்னல், கட்டில் போட்ட பிறகும் அலமாரிக் கதவு முழுதாகத் திறக்கும்" என்று எழுதினேன். அதனால் படத்திலும் அலமாரியைத் திறந்தே வைத்தோம். காலை வெயில் நேராக விழுந்தால் தரையில் வெள்ளைத் திட்டு விழும் என்பதால், வெயில் ஏறியபின் எடுத்தோம். ஹாலின் நாலு படத்தில் மூன்றுக்குச் சொல்ல எதுவும் இல்லை, நீக்கிவிட்டேன். சுவர் தெரியும் ஜன்னலுக்கு "பக்கத்துக் கட்டடத்தை நோக்கியது, மதிய வெயில் வராது" என்று உள்ளதை எழுதினேன். அதன் பிறகு வந்தவர்கள் அந்த ஜன்னலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வேலை கொடுக்கும்போது மூன்றை எழுதி வாங்குங்கள். பட்டியல் உங்களுடையது, அதில் விடுபட்டதைக் கூடுதல் பணம் கேட்காமல் மறுபடி வந்து எடுக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே இருப்பதையும் சுவரில் உள்ள கறை, விரிசலையும் மாற்றக் கூடாது. மூலப் படங்கள் அனைத்தையும் உங்களிடம் தர வேண்டும். மூன்றாவதற்குத்தான் அதிகம் முரண்டு பிடிப்பார்கள். அங்கே பேச்சை மாற்றினால் வேறு ஆளைப் பாருங்கள்.