நேர் பதிப்பா, மூலைவாட்டமா? ஒரே அறையில் டைல்ஸ் வேஸ்ட் கணக்கு

டைல்ஸ் கடையில் கேட்டால் கணக்கு தயாராக இருக்கும்: நேராகப் பதித்தால் 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், மூலைவாட்டில் பதித்தால் 15. இந்த இரண்டு எண்களும் உங்கள் அறையைப் பார்க்காமல் சொல்லப்படுபவை. நேர் பதிப்பில் வேஸ்ட்டை முடிவு செய்வது, அறையின் நீளத்தை டைல் அளவால் வகுத்தால் வரும் மீதி. மூலைவாட்டில் முடிவு செய்வது, சுவர் ஓரத்தில் எத்தனை முக்கோணம் விழுகிறது, அவற்றை ஒரே டைலிலிருந்து இரண்டிரண்டாக வெட்டி எடுக்கிறார்களா என்பது. அதனால் சில அறைகளில் மூலைவாட்டுக்கு நேரை விடக் குறைவான டைல்ஸ் போதும்.

முதலில் டைலின் உண்மையான அளவு. 'ரெண்டுக்கு ரெண்டு' என்று விற்கும் விட்ரிஃபைட் டைல் 60 செ.மீ. சதுரம், அதாவது 2 அடிக்கு ஒரு செ.மீ. குறைவு. ஒரு பெட்டியில் 4 டைல்ஸ், மொத்தம் 15.5 சதுர அடி. அறையும் அப்படித்தான். பிளானில் 10க்கு 12 என்றிருப்பது செங்கல் முகத்திலிருந்து செங்கல் முகம் வரை. இரண்டு பக்கமும் 12 மி.மீ. பூச்சு ஏறியபின் 302.4க்கு 363.4 செ.மீ.தான் மிஞ்சும். 3 மி.மீ. ஸ்பேசர் வைத்து 5 டைல்ஸ் பதித்தால் 301.2 செ.மீ., 6 பதித்தால் 361.5. சுவரோரம் மிஞ்சும் 6 முதல் 10 மி.மீ. இடைவெளியை ஸ்கர்ட்டிங் மூடிவிடும். ஆக, 30 முழு டைல்ஸ். ஒன்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை. இதே அறையை மூலைவாட்டில் பதித்தால், எவ்வளவு கவனமாக வெட்டினாலும் 36 வேண்டும். இங்கே நேர் பதிப்போடு மூலைவாட்டுக்குப் போட்டியே கிடையாது.

அறை 11க்கு 13 ஆனால் கதை மாறுகிறது. பூச்சுக்குப் பின் 332.9க்கு 393.8 செ.மீ. சுவரோரம் 6 மி.மீ. விட்டபின் டைல்ஸ் மூட வேண்டியது 331.7க்கு 392.6. சுவருக்குச் சுவர் பரப்பு 141 சதுர அடி. டைல் கணக்கில் 36.4.

நேர் பதிப்பில், அகலத்தில் 5 முழு டைல்ஸ் போனபின் 30.2 செ.மீ. மிஞ்சும். நீளத்தில் 6 முழு டைல்ஸ் போனபின் 30.8. ஒரு டைலைச் சரிபாதியாக வெட்டினால் பிளேடு தின்றது போக ஒவ்வொரு பாதியும் 30-க்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும். சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் ஒரு டைலில் இரண்டு ஓரப் பட்டைகள் எடுக்க முடியாமல் போகிறது. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு முழு டைல் செலவு. ஆகவே 6 பெருக்கல் 7, மொத்தம் 42 டைல்ஸ். தரைக்கு மேல் 15 சதவீதம்! கடைக்காரர் சொன்ன 10-ஐ நம்பி வாங்கியிருந்தால், கடைசி வரிசையில் இரண்டு டைல்ஸ் குறைந்து நிற்கும். அப்போது போய்க் கேட்டால் அதே பேட்ச் நம்பர் கிடைப்பது சந்தேகம். வேறு பேட்ச் என்றால் நிறத்தில் லேசான வேறுபாடு தெரியும்.

இனி மூலைவாட்டம். 60 செ.மீ. டைலும் ஸ்பேசரும் சேர்த்து ஒரு கட்டத்தின் மூலைவிட்டத்தில் பாதி 42.6 செ.மீ. மூலைவாட்டுக்கு அடிப்படை அளவு இதுதான். அறையின் நடுவில் ஒரு டைலின் மையத்தை வைத்துக்கொண்டு, பாதி அகலத்தை 42.6 ஆல் வகுத்துப் பாருங்கள்: 165.85-ஐ வகுத்தால் 3.89. புள்ளிக்குப் பின்னால் வரும் 0.89-ஐத்தான் கவனிக்க வேண்டும். நீளச் சுவர்களில் விழும் முக்கோணங்களின் உயரம் 42.6-இல் 0.89 பங்கு, அதாவது ஏறக்குறைய 38 செ.மீ. இது அரை டைலை விடக் கொஞ்சம் சின்னது, அதனால் ஒரு டைலிலிருந்து இரண்டு வரும். பாதி நீளம் 196.3, வகுத்தால் 4.60. குறுகிய சுவர்களில் முக்கோணம் 25.5 செ.மீ. உயரம். அதுவும் ஒரு டைலுக்கு இரண்டு.

இந்தப் பின்னம் 0.2-க்குக் கீழே போனால் சுவரோரம் 8.5 செ.மீ.கூட இல்லாத குட்டி முக்கோணங்கள் வரிசையாக வரும். பார்வைக்கும் மோசம், பதிக்கும்போதே முனை உடையும். அப்போது தொடக்கப் புள்ளியை அந்தத் திசையில் 21.3 செ.மீ. நகர்த்தினால் பின்னத்தோடு 0.5 கூடும். இந்த அறையில் நகர்த்தத் தேவையில்லை, நகர்த்தினால் 4.60 இருக்கும் திசையில் பின்னம் 0.10 ஆகி, கெட்டுவிடும்.

எண்ணிப் பார்த்தால், வெட்டாத முழு டைல்ஸ் 17. ஒரு முனை மட்டும் சீவப்படும் டைல்ஸ் 14: நீளச் சுவர்ப் பக்கம் 8-இல் 4.5 செ.மீ., குறுகிய சுவர்ப் பக்கம் 6-இல் 17 செ.மீ. நீளச் சுவருக்கு ஐந்தைந்தாக 10 முக்கோணங்கள், அவற்றில் நாலு அறை மூலைக்குப் போவதால் நுனியில் கொஞ்சம் கூடுதலாக வெட்ட வேண்டும். குறுகிய சுவருக்கு நாலு நாலாக 8. பதினெட்டு முக்கோணங்களையும் இரண்டிரண்டாக எடுத்தால் 9 டைல்ஸ். மொத்தம் 40. நேர் பதிப்பை விட இரண்டு குறைவு.

ஆனால் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் புது டைலை எடுத்து வெட்டி, மிச்சத்தை ஓரமாகத் தள்ளினால் 31-ம் 18-ம் சேர்ந்து 49. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று ஒரு சுவரை முடித்துவிட்டு எதிர்ச் சுவருக்குப் போகும்போது நடப்பது இதுதான். மூலைவாட்டில் வேஸ்ட் 10 சதவீதமா 35 சதவீதமா என்பது வெட்டுபவர் கையில் இருக்கிறது. இடது சுவர் முக்கோணத்தின் முனை வலப்பக்கம் பார்க்கும். வலது சுவர் முக்கோணத்தின் முனை இடப்பக்கம். ஒரே டைலை நெடுக வெட்டினால் ஒரு பாதி இந்தச் சுவருக்கும் மறுபாதி எதிர்ச் சுவருக்கும் திருப்பாமலே பொருந்தும். மார்பிள் கோடு ஓடும் டைல்ஸிலும் கோட்டின் திசை மாறாது. ஆகவே எதிரெதிர்ச் சுவர்களை ஒன்றாக வெட்டச் சொல்லுங்கள், மறுபாதியின் பின்பக்கம் சுவரின் பெயரைப் பென்சிலால் எழுதி அடுக்கச் சொல்லுங்கள்.

இத்தோடு கணக்கை மூடினால் மூலைவாட்டம் ஜெயித்த மாதிரி தெரியும். ஸ்கர்ட்டிங் வந்தவுடன் நிலைமை புரண்டுவிடும். கதவுக்கு ஒரு மீட்டர் போக இந்த அறையின் சுற்றளவு 13.5 மீட்டர், 10 செ.மீ. உயர ஸ்கர்ட்டிங்குக்கு 60 செ.மீ. நீளத்தில் 23 பீஸ் வேண்டும். நேர் பதிப்பில் ஓரத்துக்கு வெட்டிய 12 டைல்ஸிலும் 29 செ.மீ. அகல நீளப் பட்டைகள் மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பீஸ் வரும், மொத்தம் 24. வேஸ்ட் என்று நினைத்தது அப்படியே ஸ்கர்ட்டிங் ஆகிவிட்டது. ஒரு பீஸுக்கு ஃபேக்டரி விளிம்பு இருக்கும், அதை மேலே வைக்கலாம். மற்றொன்றின் மேல் விளிம்பைக் கல் போட்டுத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மூலைவாட்டில் மிஞ்சுவது சின்ன முனைகளும் ஒழுங்கில்லாத வடிவத் துண்டுகளும். 25.5 செ.மீ. முக்கோணங்கள் எடுத்த டைலின் நடுப்பகுதியிலிருந்து முயன்றால் இரண்டு பட்டை வெட்டலாம், ஆனால் ஃபேக்டரி விளிம்பே இராது, டிசைன் சாய்ந்து ஓடும். யாரும் அதைச் செய்வதில்லை. ஸ்கர்ட்டிங்குக்கு 5 புது டைல்ஸ் தனியாக வேண்டும்.

| 11க்கு 13 அறை | தரை | ஸ்கர்ட்டிங் சேர்த்து | பெட்டி |
|---|---|---|---|
| நேர் | 42 | 42 | 11 |
| மூலைவாட்டம், பாதிகளைப் பயன்படுத்தினால் | 40 | 45 | 12 |
| மூலைவாட்டம், பயன்படுத்தாவிட்டால் | 49 | 54 | 14 |

பெட்டிகளில் மிஞ்சும் இரண்டு மூன்று டைல்ஸ்தான் உடைசலுக்கு. நேர் பதிப்புக்கு அது போதும். மூலைவாட்டுக்கு இன்னொரு பெட்டி சேர்ப்பது நல்லது. முக்கோணத்தின் இரண்டு நுனிகளும் 45 டிகிரி கூர்மை. விட்ரிஃபைட் டைல் அங்கேதான் சில்லு விடும். நெடுக வெட்டும் நீளமும் 85 செ.மீ. 2 அடி டைல்ஸுக்கான சாதாரணக் கை கட்டர் அவ்வளவு தூரம் எட்டாது. கிரைண்டரை வைத்து ஓட்டினால் மேற்பரப்பில் பொடிப்பொடியாக உதிரும். வேலை ஆரம்பிக்கும் முன் கட்டரின் நீளத்தைக் கேட்டுவிடுங்கள்.

நேர் பதிப்பின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. சுவர்கள் மூலைமட்டத்தில் இல்லாவிட்டால் அது மறைக்காது. ஒரு முனையில் அறை ஒன்றரை செ.மீ. ஒடுங்கியிருந்தால், 30 செ.மீ.யில் தொடங்கும் ஓரப் பட்டை மறுமுனையில் 28.5-இல் முடியும், ஸ்கர்ட்டிங்கை ஒட்டி நேர்க்கோடு போவதால் கண்ணுக்கு உடனே தெரியும். மூலைவாட்டில் அதே ஒன்றரை செ.மீ. ஐந்து முக்கோணங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். பூச்சு முடிந்ததும் அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாகவும், இரு முனைகளிலும் அறையின் அகலம் ஒன்றாகவும் இருந்தால் பயமில்லை. 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூலைவாட்டுக்காகக் கூடுதல் பெட்டி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

என் தேர்வு இப்படி: பூச்சுக்குப் பின் அறை 10க்கு 12, 12க்கு 14 போல டைல் அளவுக்கு ஒத்து வந்தால், நேர்தான். பாதி டைலுக்குச் சற்றுக் கூடுதலாக மீதி வரும் அறையில், மூலைவாட்டின் தோற்றம் பிடித்திருந்தால், ஒரு பெட்டி வித்தியாசத்துக்காகத் தயங்க வேண்டாம். ஆனால் முக்கோணங்களை இரண்டிரண்டாக எடுப்பது என்று மேஸ்திரியிடம் முதலிலேயே பேசி, கிராஃப் தாளில் வரைந்த படத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். பெட்டிகளை ஒரே பேட்ச்சில் இறக்கி, முதலில் வெட்ட வேண்டிய ஒன்பது டைல்ஸையும் தனியாக எடுத்து வையுங்கள்.