51 நாள் முடங்கிய கணக்கும், படிக்காமல் ஒப்புக்கொண்ட ஒப்பந்தமும்

டிசம்பர் 10, புதன்கிழமை. லண்டனில் இருக்கும் என் அக்காள் மகன், "மாமா, தங்கச்சி படிப்புக்கு என் பங்கு" என்று என் கிரிப்டோ கணக்கிற்கு, டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் டெதர் என்ற கிரிப்டோ காசில் 500 அனுப்பினான். சுமார் 8,500 ராண்ட். பணம் வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில் என் கணக்கு முழுவதும் முடங்கியது. அவன் அனுப்பியது மட்டுமன்று. இரண்டு ஆண்டுகளாக மாதம் 3,000 ராண்ட் வீதம் நான் சேர்த்த பிட்காயினும் சேர்ந்தே முடங்கியது. விற்க முடியவில்லை, எடுக்க முடியவில்லை. எண் மட்டும் திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் என்னைப் போல் இதில் புதிதாக இறங்குகிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்னைக் கவிழ்த்தது ஒரு மோசடிக் கும்பல் அல்ல. நானே "ஒப்புக்கொள்கிறேன்" என்று தொட்ட ஒப்பந்தம். அதை முடக்கத்தின் பன்னிரண்டாம் நாள்தான் முதன்முறையாகப் படித்தேன்.

முடக்கம் பற்றிய பிரிவு நான்கே வரி. சந்தேகம் எழுந்தால் முன்னறிவிப்பின்றி, தங்கள் முழு விருப்பப்படி, கணக்கை நிறுத்திவைக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எத்தனை நாளுக்கு என்று ஒரு சொல் கூட இல்லை. உதவிப் பிரிவுக்கு ஒன்பது மின்னஞ்சல் எழுதினேன். ஒன்பதுக்கும் ஒரே பதில்: "உங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது." அப்போது கொதித்தேன். பிறகு வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் விளக்கினார். 2022 டிசம்பர் முதல் இங்குள்ள கிரிப்டோ நிறுவனங்களும் வங்கிகளைப் போல நிதிப் புலனாய்வு மையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒரு பரிவர்த்தனை பற்றி அந்த மையத்துக்குச் சந்தேக அறிக்கை அனுப்பினால், அனுப்பினோம் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்வதே குற்றம். என் விஷயத்தில் அறிக்கை போனதா இல்லையா என்று எனக்குத் தெரியவே போவதில்லை. உதவிப் பிரிவில் பதில் எழுதிய பெண்ணுக்கும் தெரிந்திருக்காது.

சிக்கலின் மூலம் மருமகனிடம் இருந்தது. அந்த டெதரை அவன் முறையான நிறுவனத்தில் வாங்கவில்லை. இணையத்தில் அறிமுகமான ஒருவரிடம் நேரடியாக வாங்கியிருக்கிறான், விலை சற்றுக் குறைவு என்று. கிரிப்டோவில் ஒவ்வொரு கைமாற்றமும் பொதுப் பதிவேட்டில் நிற்கிறது. அந்தக் காசு என்றோ ஒரு மோசடி முகவரியைத் தொட்டு வந்திருந்தால், நிறுவனங்கள் வைத்திருக்கும் கண்காணிப்பு மென்பொருள் உடனே கொடி தூக்கிவிடும். அவன் குற்றமற்றவன், நானும் குற்றமற்றவன். காசுக்குத்தான் வரலாறு கெட்டிருந்தது.

கேட்ட ஆவணங்கள்: மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, அனுப்பியவர் யார், எனக்கு என்ன உறவு, அவர் எங்கே வாங்கினார் என்பதற்குச் சான்று. கடைசிச் சான்று மருமகனிடம் இல்லை. பழைய உரையாடல்களின் திரைப்பிடிப்புகளைத் தேடி எடுத்து அவன் அனுப்ப மூன்று வாரம் ஆயிற்று. இடையில் கிறிஸ்துமஸ் விடுமுறை வேறு.

ஜனவரி 30 அன்று, தைப்பூசக் காவடிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கணக்கு திறந்தது. முடங்கிய நாளில் என் பிட்காயினின் மதிப்பு ஏறக்குறைய 79,000 ராண்ட். திறந்த நாளில் 66,500. மகளின் பல்கலைக்கழக முன்கட்டணத்துக்கு அதற்குள் மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போய்விட்டன.

விலை விழுவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டு விற்க முடியாமல் இருந்த நட்டம் 12,500 ராண்ட். ஈடு கேட்டு எழுதினேன். பதிலில் இரண்டு பிரிவுகளைக் காட்டினார்கள். ஒன்று, நிறுத்திவைத்த காலத்தில் ஏற்படும் விலை மாற்றத்துக்குப் பொறுப்பில்லை. மற்றது, எக்காரணத்தாலும் அவர்கள் பொறுப்பேற்க நேர்ந்தால், அதன் உச்சவரம்பு கடந்த 12 மாதங்களில் நான் கட்டிய கட்டணம். மாதம் 3,000 ராண்டுக்கு வாங்கினேன், கட்டணம் ஒரு விழுக்காடு, அதாவது 30 ராண்ட். பன்னிரண்டு மாதத்துக்கு 360 ராண்ட். அவர்கள் ஆள் ஒருவரே என் காசைத் தொலைத்திருந்தாலும் ஒப்பந்தம் பேசும் தொகை அந்த 360தான். நீதிமன்றத்தில் அது நிற்குமா என்பது வேறு கேள்வி. 12,500 ராண்டுக்காக அதைச் சோதித்துப் பார்க்க யாரால் முடியும்?

எனக்கு இதைவிட நடுக்கம் தந்தது வேறொரு பிரிவு. செயலியில் Earn என்று ஒரு பொத்தான் இருந்தது. காசு சும்மா கிடக்கிறதே, வட்டியாவது வரட்டும் என்று பிட்காயினில் ஏறத்தாழ பாதியை அதில் போட்டிருந்தேன். எட்டு மாதத்தில் கிடைத்தது சுமார் 500 ராண்ட். அந்தப் பொத்தானுக்குத் தனி ஒப்பந்தம் உண்டு. சாதாரணக் கணக்கில் இருக்கும் காசு என் உடைமை, நிறுவனம் பாதுகாவலர் மட்டும் என்று முதல் ஒப்பந்தம் சொல்கிறது. Earn ஒப்பந்தமோ, உடைமையுரிமை நிறுவனத்துக்கு மாறுகிறது, அதைக் கடன் கொடுக்கவும் அடகு வைக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்கிறது. அதாவது நான் பிட்காயின் வைத்திருப்பவன் அல்லன். கடன் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவன்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் செல்சியஸ் நிறுவனம் 2022இல் திவாலானபோது, சுமார் 6 லட்சம் வட்டிக் கணக்குகளில் 420 கோடி டாலர் அளவுக்குக் கிரிப்டோ இருந்தது. அது வாடிக்கையாளருடையதன்று, நிறுவனத்துடையது என்று 2023 ஜனவரியில் நியூயார்க் திவால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம், அவர்கள் தொட்டு ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தின் இதே போன்ற வாசகம். வாடிக்கையாளர்கள் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நின்றார்கள். இங்கே வங்கி திவாலானால் 2024 ஏப்ரல் முதல் ஒருவருக்கு 1 லட்சம் ராண்ட் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. கிரிப்டோவுக்கு அது கிடையாது.

புதிதாகச் சேருகிறவர் 40 பக்கத்தையும் படிக்கப்போவதில்லை, எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தைக் கணினியில் திறந்து title, suspend, liability என்ற மூன்று சொற்களை மட்டும் தேடிப் பாருங்கள். காசு யாருடையது, எப்போது முடக்குவார்கள், தொலைந்தால் எவ்வளவு தருவார்கள் என்பது அந்த மூன்று இடங்களில் இருக்கும். முதல் பத்தியில் ஒப்பந்தம் எந்த நாட்டு நிறுவனத்துடன் என்பதையும் பாருங்கள். உள்ளூரில் விளம்பரம் செய்துவிட்டு ஒப்பந்தத்தை வெளிநாட்டுத் தீவு ஒன்றின் நிறுவனத்துடன் போடவைப்பவர்களும் உண்டு. நிதித்துறை நடத்தை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பெயருக்கு உரிமம் இருக்கிறதா என்று தேட இரண்டு நிமிடம் போதும்.

நான் சேர்ந்த நிறுவனத்துக்கு உரிமம் இருந்தது, அந்த மட்டில் அதிர்ஷ்டம். அதனால் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். ஆறு வாரத்துக்குள் தீர்வு வரவில்லையென்றால் நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இன்று நான்காம் வாரம். Earn பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மருமகனிடம், "இனிமேல் வங்கி வழியே அனுப்பு, கட்டணம் நான் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். வளையல்கள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன.